பன்னிரண்டாயிரத்தில் ஆயிரத்து இருநூறு

எனக்கு ஒரு நண்பர். கணக்குத் தணிக்கையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சியில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். சாயங்காலம் காப்பி சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக வருவார். நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேச ஒன்றும் கிடையாது என்பதால் எல்லாவற்றையும் பேசுவோம்.

ஒரு நாள் அவரிடம் நான் எடுத்த வியாழன் படத்தைக் காட்டினேன். எட்டு அங்குலத் தொலைநோக்கியில், எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் நின்று எடுத்தது. பழுப்புப் பட்டைகள், அவற்றின் ஓரத்தில் சுருள்கள், தெற்கே பெரிய சிவப்புப் புள்ளி எல்லாம் தெரிந்தன. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தவர், "ஒரே கிளிக்கா சார்?" என்றார்.

"இல்லை. இரண்டு நிமிஷ வீடியோ. அதில் 12,000 படம் இருக்கும். அவற்றில் நன்றாக இருந்த 1,200-ஐ எடுத்துச் சேர்த்தது இது" என்றேன்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "பன்னிரண்டாயிரம் வவுச்சரில் உங்களுக்குப் பிடிச்ச ஆயிரத்து இருநூறை மட்டும் எடுத்து நீட்டினா, நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்னு நினைக்கிறீங்களா? மீதி பத்தாயிரத்து எண்ணூறு எங்கே சார்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நான் பேரப்பிள்ளைகளிடமும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளிடமும் காட்டிக்கொண்டிருப்பது வியாழன் அல்ல, என் ஆசை. அந்தப் பதிலைத் தேடியதில் நான் சரி என்று நினைத்த ஓர் இடத்தில் சரியாகவே இருந்தேன். யோசிக்காத வேறோர் இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் காற்று என்ன செய்கிறது என்று பார்ப்போம். காவிரியில் முழங்கால் தண்ணீர் ஓடும்போது அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் பார்த்திருப்பீர்கள். கல் அசையவில்லை, ஆனால் நெளிகிறது, நீள்கிறது, சில சமயம் இரண்டாகத் தெரிகிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கணம் தண்ணீர் சமனாகும். அந்தக் கணத்தில் கல்லின் வரிகூடத் தெரியும். அடுத்த கணம் போய்விடும். நமக்கும் வானத்துக்கும் நடுவே ஓடுகிற காற்றும் அப்படித்தான். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடங்களில் ஒளி இங்கும் அங்கும் வளைகிறது. நட்சத்திரம் கண் சிமிட்டுவது இதனால்தான்.

காற்றின் இந்த ஆட்டம் மிக வேகமானது. சுமார் நூறில் ஒரு வினாடிக்குத்தான் ஒரு நிலையில் நிற்கும், பிறகு மாறிவிடும். பிலிம் காலத்தில் நானும் வியாழனைப் படம் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு வினாடி ஷட்டரைத் திறந்து வைத்தால்தான் பிலிமில் ஏதாவது பதியும். அந்த இரண்டு வினாடிக்குள் காற்று இருநூறு முறை வேஷம் மாற்றிவிடும். கிடைத்தது இரண்டு கோடு போட்ட ஒரு ரவா உருண்டை. தொலைநோக்கி சரியில்லை என்று பல வருஷம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

இப்போதுள்ள சிறு வீடியோ கேமராக்கள் நூறில் ஒரு வினாடியிலேயே வியாழனைப் பதிந்துவிடும். அதாவது காற்றின் ஒவ்வொரு வேஷத்தையும் தனித்தனியாகப் பிடித்துவிடலாம். பெரும்பாலானவை கோணல். நடுநடுவே ஆற்று நீர் சமனான கணம் போல ஒன்று கிடைக்கும். அந்த நல்ல கணங்களை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பதற்குத்தான் ஆங்கிலத்தில் 'லக்கி இமேஜிங்' என்று பெயர். அதிர்ஷ்டப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் பார்த்த படம் 2024 டிசம்பரில் எடுத்தது. வியாழன் அப்போது ரிஷபத்தில், ரோகிணி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. திருச்சியிலிருந்து பார்த்தால் நள்ளிரவு வாக்கில் ஏறக்குறைய தலைக்கு மேல். இது நம் ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த வரம். கோள் அடிவானத்தில் கிடந்தால் அதன் ஒளி பல மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். உச்சியில் இருந்தால் குறுக்கு வழியில் வந்துவிடுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரத்தில் கிறிஸ்டோபர் கோ என்ற அமெச்சூர் இருக்கிறார். 2006-இல் வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறிவிட்டதை உலகுக்குச் சொன்னவர் அவர்தான். செபுவும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. அவருக்குத் தலைக்கு மேல் வருவது நமக்கும் தலைக்கு மேல் வரும்.

தொலைநோக்கியை மொட்டை மாடியில் வைக்காமல் சந்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் நள்ளிரவு வரைக்கும் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தொலைநோக்கிக்கு நேர் கீழே ஒரு அடுப்பை வைத்த மாதிரி. மாடியில் எடுத்த வீடியோவில் வியாழன் ஜெல்லி போல ஆடும். மண் தரையில் அவ்வளவு ஆட்டம் இல்லை. தொலைநோக்கியையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் சூடு குழாய்க்குள்ளேயே ஒரு காற்றோட்டத்தைக் கிளப்பிவிடும். இதையெல்லாம் செய்த பிறகும் ரோகிணி மினுக்கிக்கொண்டே இருந்தால் பெட்டியை மூடிவிட்டுப் படுக்கப் போய்விடுவேன். அன்றைக்கு லேசான மூட்டம் இருந்தது, ஆனால் நட்சத்திரங்கள் அசையாமல் நின்றன. கோள் படம் எடுக்க, பளிச்சென்ற வானத்தைவிட அசையாத வானம்தான் வேண்டும்.

இரண்டு நிமிஷம் என்ற கணக்கு நானாக வைத்தது அல்ல, வியாழன் வைத்தது. அது பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஒரு முறை தன்னைத்தானே சுற்றிவிடுகிறது. இரண்டு நிமிஷத்தில் அதன் நடுப்பகுதி நகரும் தூரம், என் எட்டு அங்குலம் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சின்ன அளவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஐந்து நிமிஷம் எடுத்தால் படங்கள் அதிகம் கிடைக்கும், ஆனால் கோளே கலங்கிவிடும். வினாடிக்கு நூறு படம், 120 வினாடி, ஆக 12,000 படங்கள். கோளைச் சுற்றிச் சின்னதாக ஒரு சதுரத்தை மட்டும் பதிந்தபோதும் கோப்பு கிட்டத்தட்ட 2 ஜிபி ஆயிற்று.

இனிமேல்தான் வவுச்சர் விவகாரம்.

பொறுக்கும் வேலையை நான் செய்வதில்லை. 'ஆட்டோஸ்டாக்கர்ட்' என்று ஒரு இலவச மென்பொருள் செய்கிறது. அது ஒவ்வொரு படத்திலும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே வெளிச்சம் எவ்வளவு திடீரென்று மாறுகிறது என்று அளக்கிறது. கோணல் படத்தில் எல்லாம் மழுங்கியிருக்கும், மாற்றம் மெதுவாக இருக்கும். தெளிவான படத்தில் ஓரங்கள் வெட்டினாற்போல் இருக்கும். அந்த அளவுப்படி 12,000 படங்களையும் வரிசைப்படுத்தி ஒரு வரைபடம் போட்டுக் காட்டும். எத்தனை சதவீதம் வேண்டும் என்று மட்டும் நான் சொல்கிறேன்.

ஒரு படத்திலேயே ஒரு மூலை தெளிவாகவும் மறு மூலை கலங்கியும் இருக்கும். அதனால் மென்பொருள் கோளைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக நல்ல படங்களைத் தேடி, நெளிந்ததை நேராக்கிப் பொருத்துகிறது. இதைச் சொன்னபோது நண்பர், "ஒட்டு வேலையும் உண்டா?" என்று புருவத்தை உயர்த்தினார். உண்டு. ஆனால் எந்தக் கட்டத்துக்குள்ளும் அந்த இடத்திலிருந்து வந்த ஒளியைத் தவிர வேறு எதுவும் நுழைவதில்லை.

எத்தனை சதவீதம் என்பது முக்கியமான கேள்வி. மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். மிகச் சிறந்த 60 படங்களை மட்டும் சேர்த்தபோது விளிம்பு கூர்மையாக இருந்தது, ஆனால் பரப்பெல்லாம் ரவை தூவின மாதிரி. நூறில் ஒரு வினாடிப் படத்தில் ஒளி குறைவு. அதனால் ஒவ்வொன்றிலும் இப்படி ரவை இருக்கும், படத்துக்குப் படம் அது இடம் மாறும். நிறையப் படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது கரைந்துபோகும். 60 படத்தில் எட்டில் ஒரு பங்காகத்தான் குறையும், 1,200 படத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சரி, இன்னும் அதிகம் போடுவோம் என்று 6,000 படம் சேர்த்துப் பார்த்தேன். வெண்ணெய் போல் வழவழப்பு, ஆனால் பட்டையின் ஓரச் சுருள்கள் காணோம். கோணல் படங்களும் உள்ளே வந்துவிட்டன. வரைபடக் கோடு சரியத் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்தினால் 10 சதவீதம், அதாவது 1,200. அன்றைய காற்றுக்கு அது பொருந்திற்று. மோசமான நாளில் 3 சதவீதம்கூடத் தேறாது. நல்ல நாளில் பாதியை எடுத்துக்கொள்ளலாம்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். வவுச்சரைப் பொறுக்குகிறவன் தொகையைப் பார்த்துப் பொறுக்குகிறான். தனக்கு எந்த விடை வேண்டுமோ அதைக் கொடுக்கும் வவுச்சரை எடுக்கிறான். இங்கே பொறுக்கும் கருவிக்கு வியாழன் என்றால் என்னவென்றே தெரியாது. சிவப்புப் புள்ளி இருக்கும் படத்தை எடு, இல்லாததைத் தள்ளு என்று நான் சொன்னால் அது மோசடி. காற்று அசையாமல் நின்ற கணத்தை எடு என்று சொல்வது மோசடி அல்ல.

என் பழைய உத்தியோகத்திலிருந்து ஒரு உதாரணமும் சொன்னேன். அந்தக் காலத்து ட்ரங்க் கால் ஞாபகம் இருக்கிறதா? கரகரப்பு நடுவே "புதன்கிழமை... ரயில்... வருகிறேன்" என்று அரைகுறையாகக் கேட்கும். மறுபடி மறுபடி சொல்லச் சொல்லி, ஒவ்வொரு முறையும் காதில் தெளிவாக விழுந்த வார்த்தையை வைத்துக்கொண்டு செய்தியை முடிப்போம். கரகரப்பைத் தள்ளினோமே தவிர, மைத்துனர் வரும் கிழமையை நாமாக மாற்றவில்லை. நண்பர் தலையை ஆட்டினார். பாதி ஒப்புக்கொண்டார் என்று நினைத்தேன்.

இந்த அதிர்ஷ்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று டேவிட் ஃப்ரைட் என்ற அமெரிக்கர் 1978-இல் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். காற்றில் ஒளியைக் கலைக்காத சீரான துண்டு ஒன்று எவ்வளவு அகலம் என்பதுதான் அடிப்படை. சுமாரான ஓர் இரவில் அது 4 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அவர் சூத்திரப்படி, 20 சென்டிமீட்டர் கண்ணாடியுள்ள என் தொலைநோக்கிக்குப் பத்துப் படத்தில் ஒன்று ஏறக்குறையச் சுத்தமாக வரும். 28 சென்டிமீட்டர் கண்ணாடிக்குச் சில நூறு படங்களில் ஒன்றுதான். 40 சென்டிமீட்டர் என்றால் பத்து லட்சத்தில் ஒன்று! பெரிய கண்ணாடியின் முழுப் பரப்பின் மேலும் காற்று ஒரே நேரத்தில் சமனாக வேண்டும், அது அபூர்வம். மிக அமைதியான இரவில் அந்தச் சீரான துண்டு 10 சென்டிமீட்டராக விரியும். அப்போது பெரிய கண்ணாடிதான் ஜெயிக்கும், சந்தேகமில்லை. ஆனால் சாதாரண இரவுகளையே நம்பி இருக்கும் நம்மைப் போன்றவர்கள், படம் சரியாக வரவில்லை என்று உடனே பெரிய தொலைநோக்கி வாங்க ஓடுவது வீண் செலவு. எட்டு அங்குலத்தை மாடியிலிருந்து மண் தரைக்கு இறக்கி வையுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

இதுவரை நான் சரி. இனி மாட்டிக்கொண்ட கதை.

நண்பர் மறுநாளும் வந்தார். "சார், உங்க தேர்வு நேர்மையானதுதான், ஒத்துக்கறேன். ஆனா இது என்ன?" என்று படத்தின் வடபாதியில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியைக் காட்டினார். நான் பெருமையாக, "அது வியாழனோட ஒரு நிலாவின் நிழல்" என்றேன். முதல் நாள்தான் அதைத் தெருக் குழந்தைகள் ஏழெட்டுப் பேரிடம் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டி, அந்த நிழலுக்குள் நின்றால் சூரிய கிரகணம் தெரியும் என்று கதையெல்லாம் சொல்லியிருந்தேன்.

"இதே ராத்திரி வேற படம் இருக்கா?"

இருந்தது. முதல் வீடியோ 12.05-க்கு. இரண்டாவது 12.15-க்கு. அதையும் அதே மாதிரிச் செய்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தார். பத்து நிமிஷத்தில் வியாழன் ஆறு டிகிரி சுற்றும். என் படத்தில் நடுப்பகுதி பன்னிரண்டு புள்ளி அளவுக்கு நகர வேண்டும். சிவப்புப் புள்ளி சரியாக நகர்ந்திருந்தது. பட்டையின் சுருள்களும் கூடவே நகர்ந்திருந்தன. கறுப்புப் புள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நிலாவின் நிழலாக இருந்தால் அதுவும் நகர்ந்தாக வேண்டும்.

"ரெண்டு மாசக் கணக்கிலும் ஒரே தொகை மாறாம இருந்தா அதைத்தான் சார் நாங்க முதல்ல பார்ப்போம்" என்றார், குரலை உயர்த்தாமல்.

அது கேமராவின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசி. மோட்டார் கோளைச் சட்டத்தின் நடுவிலேயே பிடித்துக்கொண்டிருந்ததால், 12,000 படத்திலும் தூசி வியாழனின் அதே இடத்தில் விழுந்திருக்கிறது. தனிப்படத்தில் அது தெரியவே தெரியாத மங்கல் கறை. சராசரி எடுத்தபோது ரவை கரைந்தது, கறை நின்றது. அப்புறம் நான் கூர்மையாக்கும் பொத்தானை இழுத்தபோது கறை கறுப்புப் புள்ளியாகிவிட்டது. பிறகு கேமராவைக் கால்வட்டம் திருப்பி வைத்து இன்னொரு வீடியோ எடுத்துப் பார்த்தேன். வியாழன் படத்தில் திரும்பிற்று, புள்ளி திரும்பவில்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இதிலிருந்துதான் எனக்கு விஷயம் புரிந்தது. அதிர்ஷ்டப் படம் என்கிற முறை, படத்துக்குப் படம் மாறுவதையெல்லாம் பொய் என்று தள்ளுகிறது, மாறாததையெல்லாம் மெய் என்று வைத்துக்கொள்கிறது. காற்று மாறுகிறது, அதனால் காற்றின் பொய் போய்விடுகிறது. என் கேமராவின் தூசி மாறுவதில்லை. கண்ணாடிகளை நான் சரியாக ஒழுங்கு செய்யாமல் விட்டிருந்தால் அந்தக் கோணலும் மாறுவதில்லை. இரண்டையும் அது கோளோடு சேர்த்துக் கும்பிட்டு வைத்துக்கொள்ளும். 12,000 சாட்சிகள் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்பதால் அது உண்மையாகிவிடாது, எல்லோரும் ஒரே அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தால்.

தேர்வு முடிந்து வரும் படம் பார்க்கச் சப்பென்று இருக்கும். உள்ளே விவரம் இருக்கிறது, ஆனால் மழுங்கியிருக்கிறது. அதைக் கூர்மையாக்கி வெளியே கொண்டுவர வேண்டும், அது தேவையும்கூட. 1,200 படம் சேர்த்து ரவை கரைந்திருப்பதால்தான் இப்படி இழுக்க முடிகிறது. ஆனால் என் கருத்தில், தவறு செய்யத் தோதான இடம் தேர்வு அல்ல, இதுதான். தேர்வை மென்பொருள் செய்கிறது. பொத்தானை நான் இழுக்கிறேன். எவ்வளவு இழுத்தால் போதும் என்று என் கண் தீர்மானிக்கிறது. என் கண்ணுக்கோ முன்னால் பார்த்த விண்கலப் படங்கள் ஞாபகத்தில் இருக்கின்றன. அந்த மாதிரி வரும்வரைக்கும் கை இழுத்துக்கொண்டே போகும்.

அளவு மீறினால் முதலில் காட்டிக்கொடுப்பது கோளின் விளிம்பு. விளிம்பை ஒட்டி உள்பக்கமாக, வேட்டிக்கு ஜரிகைக் கரை போல ஒரு வெளிர்க் கோடு, அதற்கு உள்ளே ஒரு இருண்ட கோடு தோன்றும். விளிம்பிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் ஓடினால் அது வியாழனில் இல்லை, நம் பொத்தானில்தான் இருக்கிறது. சனி எடுக்கிறவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். வளையத்தின் வெளி ஓரத்தில் என்கே இடைவெளி என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அகலம் 325 கிலோமீட்டர்தான். எட்டு அங்குலம் பிரித்துப் பார்க்கும் அளவில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வளையத்தின் விளிம்பை ஒட்டிக் கூர்மையாக்கலில் வரும் பொய்க் கோடு அதன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். எட்டு அங்குலத்தில் என்கே இடைவெளி பளிச்சென்று தெரிகிறது என்று யாராவது படம் காட்டினால், நான் இப்போது கோளின் விளிம்பிலும் அதே கோடு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

இந்த முறையில் இன்னொரு குறையும் உண்டு, அது எதிர்த் திசையில். மாறாத பொய்யை வைத்துக்கொள்கிற மாதிரியே, மாறுகிற மெய்யை அது தள்ளிவிடும். 2010 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலியாவில் ஆன்டனி வெஸ்லி என்ற அமெச்சூர் வியாழனை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது அதன் மேல் ஏதோ மோதி ஒரு வெளிச்சம் பளிச்சிட்டது. சில வினாடிதான். திரையில் கண்ணாலேயே பார்த்துவிட்டார். செய்தி கேட்டு, நான் முன்னே சொன்ன கிறிஸ்டோபர் கோ தன் வீடியோவைத் தேடிப் பார்த்தார், அதிலும் இருந்தது. அந்தச் சில வினாடியில் காற்று கலங்கியிருந்தால் தேர்வு அந்தப் படங்களைக் குப்பைக்குத் தள்ளியிருக்கும். தள்ளாவிட்டாலும் ஆயிரம் படச் சராசரியில் கரைந்திருக்கும். கோ மூல வீடியோவை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் இரண்டாவது சாட்சி கிடைத்தது. இப்போது அப்படிப்பட்ட வெளிச்சத்தைத் தேடுவதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. தேர்வுக்கு முன்னால் 12,000 படத்தையும் அது பார்த்துவிடுகிறது.

ஆகவே, "மீதி பத்தாயிரத்து எண்ணூறு எங்கே?" என்று நண்பர் முதல் நாள் கேட்டது கிண்டல் அல்ல. அது நியாயமான தணிக்கைக் கேள்வி. அவற்றைத் தள்ளியது தப்பில்லை. கேட்டால் எடுத்துக் காட்ட முடியாமல் அழிப்பதுதான் தப்பு. வட்டில் இடமில்லை என்று நானே முன்பு பல இரவுகளின் வீடியோக்களை அழித்திருக்கிறேன். அவற்றில் என்ன இருந்ததோ, இனி யாருக்கும் தெரியாது.

இப்போது நான் எனக்கென்று சில வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். யாருக்குப் படம் காட்டினாலும் கூர்மையாக்குவதற்கு முந்திய சப்பைப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். சப்பைப் படத்தில் சாயலாகக்கூட இல்லாதது கூர்மைப் படத்தில் இருந்தால் அதை நான் நம்புவதில்லை. பத்து நிமிஷ இடைவெளியில் எப்போதும் இரண்டு வீடியோ எடுக்கிறேன். கோளோடு சேர்ந்து நகராததை எதுவென்றும் பெயர் சொல்வதில்லை. படத்தின் அடியில் தேதி, நேரம், எத்தனையில் எத்தனை என்று எழுதுகிறேன். மூல வீடியோவை ஒரு தனி வட்டில் போட்டு வைக்கிறேன்.

தூசி விஷயம் தெரிந்த அன்று சாயங்காலம் அந்தக் குழந்தைகளைக் கூப்பிட்டு, நான் சொன்னது நிழல் அல்ல, தூசி என்று சொன்னேன். சங்கடமாகத்தான் இருந்தது. இரண்டு படத்தையும் காட்டி, எது நகர்ந்தது, எது நகரவில்லை என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி அரை நிமிஷத்தில் விரலை வைத்துவிட்டாள். பிறகு, "தாத்தா, அப்போ இதுவும் தூசியா?" என்று சிவப்புப் புள்ளியைக் காட்டினாள். "நீயே பாரேன்" என்றேன். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இல்ல, இது நடக்குது" என்றாள். வாசலில் நின்றுகொண்டிருந்த நண்பர், "அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.